நாலாம் வரிசைப் பாலம்

தெரேசம்மாவைப் பார்த்தால் யாரும் அவளை வஞ்சம் வைப்பவள் என்று சொல்லமாட்டார்கள். தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பால் வெட்டப் போகும் தாய்மார் விடியலில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுப்பாள், மூக்கைத் துடைத்துவிடுவாள், தொட்டிலை ஆட்டித் தூங்கவைப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மனிதனை ஏழு வருஷமாக மனதுக்குள் வைத்து வறுத்துக்கொண்டிருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தும்போதுகூட, "தாயே, அவன் கர்வம் என் கையாலதான் ஒடையணும், வேற யாருகிட்டயும் குடுத்துறாதீங்க" என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

அந்த மனிதனின் பெயர் ஸ்ரீதரன். பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கராக இருந்தவன். ஆள் சிவப்பு, சட்டை எப்போதும் இஸ்திரி போட்டது, பேச்சில் தேன் ஒழுகும். தேன் ஒழுகும் வாயைக் கண்டால் தள்ளி நிற்கவேண்டும் என்று இப்போது சொல்கிறாள். அப்போது எங்கே தெரிந்தது?

தோட்டங்கள் கம்பனிக்குக் கைமாறிய பிறகு, வருஷத்துக்கு ஒரு தடவை கேகாலையில் எல்லாத் தோட்டத்து ஸ்டாஃபுக்கும் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். கிரிக்கெட், வலைப்பந்து, கேரம் எல்லாம் இருக்கும். செஸ்ஸும் இருந்தது. அதில் முதலாவதாக வருகிறவரைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொன்வென்ட் ஹாஸ்டலில் படித்த காலத்திலேயே தெரேசம்மாவுக்குச் செஸ் பைத்தியம். ஸ்ரீதரனுக்கும் அதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் ஒரு மூலையில் பலகையை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அவன் சைவம்தான். ஆனாலும் செஸ்ஸுக்காக மலையிறங்கி வருவான். அவள் அவனை வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். கூடப்பிறந்த அண்ணன் இல்லாதவள் கூப்பிட்ட அண்ணே அது.

தொண்ணூற்றேழாம் வருஷப் போட்டிக்கு முந்திய ஞாயிறு, அவள் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அண்ணே, கடைசியில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோட்டைதான் மிச்சம். என்கிட்ட மட்டும் ஒரு சிப்பாய் கூட இருக்கு. அது ஏழாம் வரிசைக்கு வந்திருச்சி. ஆனா அதுக்கு முன்னால என் ராஜாவே வாசலை அடைச்சிக்கிட்டு நிக்கிறாரு. வெளிய வந்தா செக்கு, செக்கு, செக்குதான். இதுக்கு என்னமோ பாலம் போடணும்னு சொல்றாங்களே, அது எப்படிண்ணே?"

ஸ்ரீதரன் கேகாலை நூலகத்தில் ஆங்கிலப் புத்தகம் படித்தவன். அவனுக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே கோட்டையைக் கையில் எடுத்தான்.

"இது பெரிய வித்தையா? நம்ம ஏதண்டா மாதிரிதான். மொதல்ல ஒரு செக்கு வச்சி அவன் ராஜாவைத் தள்ளிவிடுங்க. அப்புறம் கோட்டைய மேல ஏத்தி வைங்க. உங்க ராஜா எறங்கி வருவாரு, செக்கு வந்தா கோட்டை குறுக்க விழும். அவ்வளவுதான்."

"எத்தனையாவது வரிசையில வைக்கிறது?"

"அஞ்சாவதுல. ஏதண்டா குட்டையா இருந்தாத்தானே ஆடாது? ராஜாவுக்குக் கிட்டக்க இருக்கட்டும்."

ஓடைக்குக் குறுக்கே ஒற்றை மரத்தைத் தள்ளிவிட்டு அதன்மேல் நடந்து போவதுதான் ஏதண்டா. சிங்களச் சொல்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் தமிழர் வாயிலும் அதுதான் வரும். மழைக்காலத்தில் ஏதண்டாவில் நடந்து பழகிய எவருக்கும் தெரியும், நீளமான மரம் ஆடும், குட்டை மரம் ஆடாது. தெரேசம்மா தினமும் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு ஏதண்டாவைத் தாண்டித்தான் போகிறாள். அதனால் அவன் சொன்னது அவளுக்கு அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கொழும்புக்காரியிடம் இதைச் சொல்லியிருந்தால் அவள் ஏன், எதற்கு என்று நாலு கேள்வி கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை.

கடவுள் செய்த கூத்தோ என்னவோ, கேகாலையில் கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும்தான் விழுந்தது. அவனுக்கு அரைப் புள்ளி கூட. டிரோ ஆனாலே அவனுக்குப் போதும், இவள் ஜெயித்தே ஆகவேண்டும். ஆடி ஆடிக் கடைசியில் அந்த நிலையே பலகையில் வந்து உட்கார்ந்தது. அவளுடைய ராஜா எட்டாம் வரிசையில், அவருக்கு நேர் கீழே ஏழாம் வரிசையில் சிப்பாய். ஓரப் பத்தியில் நின்று அவன் கோட்டை ஒரு பக்கத்தை அடைத்திருந்தது, மறுபக்கத்தை அவன் ராஜா அடைத்திருந்தார். தெரேசம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்த அண்ணனிடமே பாலம் போடப்போகிறோமே, பாவம் என்று அவனுக்காக வருத்தப்பட்டாளாம். பாவமாம்!

அடி வரிசையிலிருந்து கோட்டையால் செக் வைத்தாள். அவன் ராஜா ஒரு கட்டம் தள்ளிப் போனார். அவள் கோட்டையை ஐந்தாம் வரிசைக்கு ஏற்றினாள்.

ஸ்ரீதரன் யோசிக்கவே இல்லை. ராஜாவை ஒரு கட்டம் அவள் பக்கமாக இறக்கி வைத்தான். ராஜா கோட்டைக்குக் கோணலாக ஒட்டிக்கொண்டு நின்றார். அடுத்த நகர்த்தலில் வெட்டிவிடுவார்.

தெரேசம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கடிகாரத்தில் அவள் நேரம் முடியப்போகிறது. பதறிப்போய்க் கோட்டையை அதே வரிசையில் சிப்பாய்க்குக் கீழே இழுத்தாள். அவன் ராஜா உடனே மேலேறிப் பழையபடி வாசலை அடைத்தார். திரும்பச் செக் வைத்தாள், அவர் திரும்ப இறங்கிக் கோட்டையை முறைத்தார். இழுத்தாள், அடைத்தார். செக் வைத்தாள். அவன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். ஒரே நிலை மூன்று தடவை வந்துவிட்டது, டிரோ.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கன்டீனில் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு நாலைந்து கிளாக்கர்மாருக்கு நடுவில் நின்றான் ஸ்ரீதரன். இவள் பின்னால் வந்ததை அவன் பார்க்கவில்லை.

"ஏதண்டா ஒண்ணைப் போட்டுக் குடுத்தேன், பாலம்னு நெனச்சி ஏறிட்டாடா! நாலாம் வரிசையில வைக்கணும், நான் அஞ்சுன்னு சொன்னேன். அண்ணே அண்ணேன்னு தலைய ஆட்டிக்கிட்டே போனா."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, "இந்தா வாறாங்க ஏதண்டாக்கா" என்றான். அதற்கும் சிரித்தார்கள். ஸ்ரீதரனும் சிரித்தான்.

முதலிடம் போனது போகட்டும். கொழும்பும் போகட்டும். அண்ணே என்று கூப்பிட்ட வாயை வைத்தே சிரித்தானே, அதை அவளால் விழுங்க முடியவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது.

மறுநாளே பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் குட்டை மேசையில் பலகையை விரித்தாள். காயை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், வைத்தாள். நாலாம் வரிசை ஏன் என்று தானாகவே புரிந்தது. அங்கே வைத்தால் அவன் ராஜா இறங்கிவந்தும் கோட்டையைத் தொட முடியாது, ஒரு கட்டம் எட்டாமல் நிற்பார். ஐந்தாம் வரிசையில் வைத்தால் கைக்கெட்டிய தூரம். இன்னொன்றும் புரிந்தது. அன்றைக்கு ஐந்தில் வைத்தது தப்பென்றாலும் ஆட்டம் கெட்டுப்போகவில்லை. கோட்டையைப் பேசாமல் அடி வரிசைக்கே இறக்கிவிட்டுத் திரும்ப ஆரம்பித்திருக்கலாம். பதற்றம்தான் கெடுத்தது. அது தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. இவன் பொய் சொன்னதும் வலித்தது, பொய்யையும் தாண்டி ஜெயித்திருக்கலாமே என்பதும் வலித்தது.

ஸ்ரீதரன் கொழும்புக்குப் போய்வந்தான், பெரிய கம்பனிக்காரர்களுக்கு அறிமுகமானான், இரத்தினபுரிப் பக்கம் நல்ல தோட்டமாக மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். கேகாலைப் போட்டிக்கும் அவன் வரவில்லை, அந்தப் பக்கத்துக் கோஷ்டியில் ஆடினான். இங்கே தெரேசம்மாவுக்கு லொறி ஓட்டும் ரெஜினோல்டோடு கல்யாணமானது. அனோஜா பிறந்தாள். ஏதண்டாக்கா என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில், பெயரும் மெல்ல அடங்கிப்போனது.

இரண்டாயிரத்து நாலில் ஸ்ரீதரன் பெரிய கிளாக்கராகி இவள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தான். வந்த வாரமே பிள்ளைக்காம்பராவைப் பார்வையிட வந்தவன், ஆட்கள் நிற்கும்போதே, "என்ன ஏதண்டாக்கா, சொகமா?" என்றான். அவ்வளவுதான். அடங்கியிருந்த பெயர் எழுந்து உட்கார்ந்துவிட்டது. வெட்டுக்காட்டில் சொன்னார்கள், கடையில் சொன்னார்கள். ஒருநாள் அனோஜா பாலர் வகுப்பிலிருந்து வந்து, "அம்மா, நீங்க ஏதண்டாவா? எல்லாரும் உங்க மேல ஏறிப் போவாங்களாம்ல?" என்று கேட்டாள்.

குழந்தைக்கு என்ன தெரியும். தெரேசம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்க மறந்து நின்றாள், அது அடிப்பிடித்தது.

"விட்டுத்தொலைடி. பேருதானே?" என்றான் ரெஜினோல்ட்.

"ஒங்களுக்கு வச்சிருந்தா தெரியும்."

"சரி, போய் நாலு கேள்வி கேட்டுட்டு வாறதுதானே?"

"கேள்வி கேட்டா அந்தாளு சிரிப்பான். அவன் சிரிச்ச அதே எடத்துல, அதே காய வச்சித்தான் அவனை அழவைக்கணும்."

அந்த வருஷம் கேகாலைப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்தாள். ஸ்ரீதரன் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டு போனான். இவள் நடுவில் ஒன்றைத் தோற்றாள். கோப்பை இவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அதைப்பற்றி இவள் கவலைப்படவும் இல்லை. கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று நடுவர் ஹலீம் மாஸ்டர் வாசித்தபோது, ஸ்ரீதரனுக்கு எதிரே அவள் பெயர் வந்தது. அவனுக்கு இப்போதும் டிரோ போதும். டிரோ எடுத்தால் கோப்பை, தோற்றால் அது மாவனெல்லைப் பக்கத்து ஆள் ஒருவனுக்குப் போய்விடும். தெரேசம்மா மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

வெள்ளைக் காய் இவளுக்கு. ஆட்டத்தின் நடுவிலேயே இவள் கை ஓங்கிவிட்டது, ஒரு சிப்பாய் கூட. ராணியை வைத்துக்கொண்டே நெருக்கியிருந்தால் சீக்கிரம் முடித்திருக்கலாம். ஆனால் இவள் ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டாள். சுவரோரம் நின்ற ரெஜினோல்ட் தலையில் கையை வைத்துக்கொண்டான். அவனுக்குச் செஸ் அரைகுறைதான், ஆனால் கைக்கு வந்ததை ஏன் தள்ளிவிடுகிறாள் என்பது அரைகுறைக்கும் தெரியும். குதிரைக்குக் குதிரை போனது. சிப்பாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவளுக்கு அந்தக் கோட்டை ஆட்டம்தான் வேண்டும், வேறு எந்த வெற்றியும் வேண்டாம். கைதவறினால் இருந்த வெற்றியும் போய், இன்னொரு ஏழு வருஷத்துக்கு ஊர் சிரிக்கும். தெரிந்துதான் செய்தாள்.

ஸ்ரீதரனுக்கும் அவள் போகிற போக்குப் புரிந்தது. தடுக்க வழி இருந்த இடத்திலும் அவன் தடுக்கவில்லை. இந்தப் பொம்பளையிடம் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. சிப்பாய் ஏழாம் வரிசையில் ஏறி, அவள் ராஜா முன்னால் அடைபட்டு நின்றபோது, அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பழைய எடத்துக்கே வந்துட்டோம் போல" என்று மெதுவாகச் சொன்னான். "டிரோ எடுத்துக்குங்களேன். அப்புறம் கஷ்டப்படுவீங்க."

"ஆடுங்க கிளாக்கரையா" என்றாள். அண்ணே வரவில்லை.

அடி வரிசையிலிருந்து செக் வைத்தாள். அவன் ராஜா ஒரு கட்டம் தள்ளிப் போனார். தெரேசம்மா கோட்டையைத் தூக்கினாள். இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. நாலாம் வரிசையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினாள்.

ஸ்ரீதரன் பலகையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவன் பார்த்தது ஏழு வருஷத்துக்கு முந்திய ஆட்டத்தை. சிரிப்பு மாறாமலே ராஜாவை எடுத்து அன்றைக்கு வைத்த அதே கட்டத்தில் வைத்தான், கடிகாரத்தைத் தட்டினான். அதற்குப் பிறகுதான் பார்த்தான். ராஜா ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டிய கோட்டை பக்கத்தில் இல்லை. ஒரு கட்டம் எட்டாத தூரத்தில், சாவகாசமாக நின்றது. அவன் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள், ஆசை தீரப் பார்த்தாள்.

பிறகு ராஜாவை வெளியே எடுத்தாள். அடுத்ததாகச் சிப்பாய் ராணியாகிவிடும், ஆகவே அவன் செக் வைத்தே ஆகவேண்டும். கோட்டையைப் பக்கத்துக்குக் கொண்டுவந்து செக் வைத்தான். அவள் ராஜா சிப்பாய்க்குக் கீழே ஒதுங்கினார். அந்தப் பத்தியில் செக். ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து, அங்கிருந்தும் சிப்பாயைக் காத்தார். மறுபடி செக்.

ஸ்ரீதரனுக்கு நெற்றி வேர்த்தது. சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அன்றைக்குக் கன்டீனில் ரோல்ஸ் தின்ற கிளாக்கர் ஒருவனும் அதில் நின்றான். தெரேசம்மா ராஜாவை ஐந்தாம் வரிசைக்கு, சிப்பாயின் பத்திக்கே இறக்கி வைத்தாள். அவன் கோட்டையை அந்தப் பத்தியின் அடியில் வைத்துச் செக் சொன்னான். வேறு வழி அவனுக்கு இல்லை.

இப்போது ராஜாவுக்கும் அவன் கோட்டைக்கும் நடுவே நாலாம் வரிசைக் கட்டம் காலியாக இருந்தது. அதே வரிசையில் இரண்டு கட்டம் தள்ளி இவள் கோட்டை. குறுக்கே இழுத்து வைத்தால் பாலம். அவன் அதை வெட்டினால் ராஜா திருப்பி வெட்டுவார், சிப்பாய் ராணியாகும், அவன் ராஜா ஓடிவந்தும் பிடிக்க முடியாது. வெட்டாவிட்டால் இன்னும் மோசம். அது ஸ்ரீதரனுக்கும் தெரியும். அவள் கை கோட்டையை நோக்கி நீண்டதும், அவன் சட்டென்று தன் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

"போதும், நீங்க ஜெயிச்சிட்டீங்க. கை குடுங்க."

பார்த்தீர்களா கெட்டிக்காரத்தனத்தை! பாலம் பலகையில் விழுவதற்கு முன்னாலேயே ஆட்டத்தை மூடிவிடப் பார்த்தான். ஏதண்டாக்கா பாலம் போட்டாள் என்று யாரும் கண்ணால் பார்த்துவிடக் கூடாதாம். தெரேசம்மாவின் கை அப்படியே நின்றது. அவளுக்கு மேலெல்லாம் எரிந்தது.

"கைய எடுங்க கிளாக்கரையா. நான் இன்னும் போடல."

"அவரு விட்டுக்குடுத்துட்டாரு டீச்சர், ஆட்டம் முடிஞ்சிருச்சி. ஒங்களுக்குத்தான் புள்ளி" என்றார் ஹலீம் மாஸ்டர்.

"புள்ளிய நீங்க எழுதிக்குங்க சேர். அது எனக்கு வேணாம்னு சொல்லல. இது எனக்கும் அவருக்கும்."

படுத்துக்கிடந்த அவன் ராஜாவை அவளே எடுத்து நிமிர்த்தி, அதே கட்டத்தில் வைத்தாள். தன் கோட்டையை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, நாலாம் வரிசையில் குறுக்கே இழுத்து, ராஜாவுக்கும் அவன் கோட்டைக்கும் நடுவில் டொக்கென்று வைத்தாள்.

"எத்தனாவது வரிசை?" என்று கேட்டாள்.

அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சொல்லுங்க. அன்னைக்கு எனக்குச் சொல்லிக்குடுத்தீங்களே. இது எத்தனாவது வரிசை?"

கன்டீன் கிளாக்கர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினான். அவன் சிரிப்பதை ஸ்ரீதரன் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"நாலு" என்றான்.

"சத்தமாச் சொல்லுங்க, எம்புருஷனுக்குக் கேக்கல."

"நாலாவது வரிசை." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "அன்னைக்கு நான் சின்ன வயசு, தெரேசா. சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். அதை இவ்வளவு நாளா மனசுல வச்சிருப்பீங்கன்னு நெனைக்கல."

"நானும் வெளையாட்டுலதான் திருப்பிக் குடுத்தேன்" என்றாள் தெரேசம்மா. எழுந்து சேலையை உதறிவிட்டு, அவனுக்குக் கை கொடுக்காமலே ரெஜினோல்டைக் கூட்டிக்கொண்டு தெரணியகலை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.